இரண்டாம் வகைக்கெழு பூச்சியமானால்: பன்னிரண்டாம் வகுப்புக் கணித ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஆசிரியர்களுக்கு,

வணக்கம். கல்லூரியில் முதலாமாண்டு மாணவர்களுக்கு நுண்கணிதம் எடுக்கிறேன். நீங்கள் இரண்டு வருடம் வளர்த்த பிள்ளைகள்தான் என் வகுப்புக்கு வருகிறார்கள். வகையிடலை வேகமாகச் செய்கிறார்கள், சூத்திரங்களை மறப்பதில்லை. அதற்கு நான் உங்களுக்குக் கடன்பட்டிருக்கிறேன். ஆனால் ஒரே ஒரு இடத்தில் ஆண்டுதோறும் ஒரே மாதிரித் தவறு வருகிறது. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

இந்த வருடமும் முதல் வாரத்தில் இந்தச் சார்பைக் கரும்பலகையில் எழுதினேன்: f(x) = 3x⁵ − 5x⁴. இடஞ்சார்ந்த பெருமம், சிறுமம் எங்கே என்று கேட்டேன். எல்லோரும் சரியாகவே தொடங்கினார்கள். f′(x) = 15x⁴ − 20x³ = 5x³(3x − 4). இது x = 0, x = 4/3 ஆகிய இரண்டு இடங்களில் பூச்சியமாகிறது. பிறகு f″(x) = 60x²(x − 1) என்று கண்டுபிடித்தார்கள். x = 4/3 என்ற இடத்தில் அது மிகை, எனவே அங்கே சிறுமம். அதுவும் சரி. x = 0 என்ற இடத்தில் f″ பூச்சியம். உடனே பெரும்பாலானோர் எழுதிய வரி: "எனவே x = 0 ஒரு வளைவு மாற்றப் புள்ளி, அங்கே பெருமமும் இல்லை, சிறுமமும் இல்லை."

அது உண்மையில்லை. x = 0 ஓர் இடஞ்சார்ந்த பெருமம். f(0) = 0. பக்கத்தில் போய்ப் பாருங்கள்: f(0.1) = −0.00047, f(−0.1) = −0.00053. இரண்டு பக்கமும் கீழே இறங்குகிறது. வளைவு மாற்றப் புள்ளி என்பதும் தவறு. 60x²(x − 1) என்பதில் x² பூச்சியத்துக்கு இரு பக்கமும் மிகைதான், (x − 1) இரு பக்கமும் குறைதான். அதனால் f″ பூச்சியத்தைத் தொட்டுவிட்டு மறுபடி குறையாகவே தொடர்கிறது, குறி மாறவில்லை. உண்மையான வளைவு மாற்றப் புள்ளி x = 1. அங்கே f′ = −5, பூச்சியமே இல்லை. வளைவு மாற்றப் புள்ளியில் f′ பூச்சியமாக இருக்க வேண்டும் என்று பல மாணவர்கள் நினைத்திருக்கிறார்கள். அதனால் இந்தப் புள்ளியை யாரும் தேடவே இல்லை.

இந்தத் தவறு எங்கிருந்து வருகிறது என்று யோசித்தேன். இரண்டாம் வகைக்கெழுச் சோதனையை ஒரு தனி விதியாக, மூன்று வரி அட்டவணையாக மனப்பாடம் செய்கிறார்கள்: மிகை என்றால் சிறுமம், குறை என்றால் பெருமம், பூச்சியம் என்றால்... அந்த மூன்றாவது கட்டத்தை ஏதாவது போட்டு நிரப்ப வேண்டும் என்று தோன்றுகிறது. ஆனால் அந்தச் சோதனை வேலை செய்யும் காரணமே முதல் வகைக்கெழுதான். f′(c) = 0, f″(c) மிகை என்றால், f′ என்னும் சார்பு c என்ற இடத்தில் ஏறிக்கொண்டே பூச்சியத்தைக் கடக்கிறது. அதாவது இடப்பக்கம் குறை, வலப்பக்கம் மிகை. சார்பு முதலில் இறங்கி, அப்புறம் ஏறுகிறது. ஆக, சிறுமம். இரண்டாம் வகைக்கெழு நமக்குத் தந்தது இந்தக் குறி மாற்றத்துக்கு ஒரு குறுக்கு வழி, அவ்வளவுதான். அது பூச்சியமானால் குறுக்கு வழி அடைபட்டுவிட்டது என்றுதான் பொருள். போக வேண்டிய ஊர் அப்படியே இருக்கிறது. x⁴, −x⁴, x³ மூன்றிலும் x = 0 என்ற இடத்தில் f′, f″ இரண்டுமே பூச்சியம். முதலாவதில் சிறுமம், இரண்டாவதில் பெருமம், மூன்றாவதில் இரண்டும் இல்லை.

சரி, அப்போது என்ன செய்வது? f′-க்கே திரும்ப வேண்டும். 5x³(3x − 4) என்று காரணிப்படுத்தியதுமே பாதி வேலை முடிந்துவிடுகிறது. x பூச்சியத்துக்குச் சற்றுக் குறைவாக இருந்தால் x³ குறை, (3x − 4) குறை. பெருக்கல் மிகை, சார்பு ஏறுகிறது. 0-க்கும் 4/3-க்கும் நடுவில் x³ மிகை, (3x − 4) குறை. பெருக்கல் குறை, சார்பு இறங்குகிறது. 4/3-ஐத் தாண்டினால் மறுபடி மிகை. ஏறி இறங்கிய இடம் 0, பெருமம். இறங்கி ஏறிய இடம் 4/3, சிறுமம். அங்கே மதிப்பு −256/81. இரண்டாம் வகைக்கெழு தேவையே படவில்லை.

இதிலும் ஒரு குழி உண்டு, சொல்லாமல் விட முடியவில்லை. ஒரு மாணவி குறி மாற்றத்தைத்தான் பார்த்தாள், ஆனாலும் விடை தவறிவிட்டது. x = 0 என்ற இடத்தைச் சோதிக்க −1, 2 என்ற இரண்டு எண்களை எடுத்துக்கொண்டாள். f′(−1) = 35, f′(2) = 80. இரண்டும் மிகை, எனவே குறி மாறவில்லை என்று முடித்துவிட்டாள். 2 என்பது 4/3-ஐத் தாண்டிய எண். நடுவில் இன்னொரு முறை குறி மாறியது அவள் கண்ணில் படவில்லை. சோதனைக்கு எடுக்கும் எண், அடுத்த மாறுநிலை எண்ணுக்கு முன்னால் இருக்க வேண்டும். எண்கோட்டில் எல்லா மாறுநிலை எண்களையும் குறித்துவிட்டு, ஒவ்வோர் இடைவெளிக்கும் ஓர் எண் எடுக்கச் சொன்னால் இந்தத் தவறு வராது.

மாறுநிலை எண்கள் என்றதும் f′ = 0 ஆகும் இடங்களை மட்டும் தேடுவதும் பழக்கமாகியிருக்கிறது. f(x) = x^(2/3) என்று கொடுத்துப் பாருங்கள். x = 0 என்ற இடத்தில் f′ கிடையாது, f″-உம் கிடையாது. f′ பூச்சியமாகும் இடமே இல்லாததால் "பெருமம் சிறுமம் இல்லை" என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் f′(x) = (2/3)x^(−1/3) இடப்பக்கம் குறை, வலப்பக்கம் மிகை. x = 0 சிறுமம், கூர்முனை உள்ள சிறுமம். இங்கே இரண்டாம் வகைக்கெழு உதவவே முடியாது, குறி மாற்றம் மட்டுமே உதவும்.

அதோடு குறி மாற்றச் சோதனைக்கு உள்ள நிபந்தனையையும் சேர்த்துச் சொல்லிக்கொடுங்கள்: அந்தப் புள்ளியில் சார்பு தொடர்ச்சியாக இருக்க வேண்டும். 1/x² என்ற சார்பில் f′ = −2/x³, பூச்சியத்துக்கு இடப்பக்கம் மிகை, வலப்பக்கம் குறை. பெருமத்துக்கு உரிய குறி மாற்றம்தான். ஆனால் அங்கே சார்புக்கு மதிப்பே இல்லை, இருபுறமும் மேலே மேலே போகிறது.

உங்களிடம் நான் கேட்பது மூன்று. குறி அட்டவணையை முதலில் நடத்துங்கள், இரண்டாம் வகைக்கெழுவை அதன் பிறகு. விடைத்தாள் திருத்தும்போது, கேள்வி குறிப்பிட்ட முறையைக் கேட்காதவரை, f″ காணாமல் குறி அட்டவணையால் மட்டும் முடித்த மாணவருக்கு முழு மதிப்பெண் கொடுங்கள். மாதத் தேர்வில் ஒரு கணக்காவது f″ பூச்சியமாகும் கணக்காக இருக்கட்டும். 3x⁵ − 5x⁴ வேண்டுமானால் அப்படியே எடுத்துக்கொள்ளலாம். f″(0) = 0 என்று எழுதிய மாணவர் அதற்கு அடுத்த வரியில் என்ன எழுதுகிறார் என்று மட்டும் பாருங்கள்.

அன்புடன்,
முதலாமாண்டுக் கணித வகுப்பு எடுக்கும் ஓர் ஆசிரியர்