செருகியே கிடக்கும் நகல் காப்பாற்றாது

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். கடந்த வாரம் தங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில், கோப்புகளைப் பூட்டிப் பணம் பறிக்கும் ரான்சம்வேர் பற்றி ஒரு கட்டுரை வந்தது. அதில், "கணினியுடன் ஒரு எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கை நிரந்தரமாக இணைத்து, தானாகவே பேக்கப் ஆகும்படி அமைத்துவிட்டால் கவலையில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். படித்துவிட்டு என்னால் அடுத்த பக்கத்துக்குப் போக முடியவில்லை. அந்த அறிவுரையை அப்படியே கடைப்பிடித்த ஓர் அலுவலகம் எப்படி நிலைகுலைந்தது என்பதை நேரில் பார்த்தவன் நான்.

சிறிய கணக்கர் அலுவலகம் அது. பெயர் வேண்டாம். பல ஆண்டுகளாக அங்கே கணினிகளைப் பழுது பார்த்து வருகிறேன். ஒருநாள் காலை அழைப்பு வந்து போனேன். கோப்புகள் எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்தன. ஆனால் ஒவ்வொரு பெயரின் வாலிலும் புரியாத சில எழுத்துகள் ஒட்டிக்கொண்டிருந்தன. எந்தக் கோப்பும் திறக்கவில்லை. ஒவ்வொரு ஃபோல்டரிலும் பணம் கேட்கும் கடிதம் ஒன்று கிடந்தது. "கவலைப்படாதீர்கள், பேக்கப் இருக்கிறது" என்று உரிமையாளர் E: டிரைவைத் திறந்தார். அங்கேயும் அதே வால், அதே கடிதம். அவர் முகத்தை இன்றும் மறக்க முடியவில்லை.

இதில் வியப்பதற்கு எதுவுமில்லை என்பது தங்களுக்குத் தெரியாததா? கணினிக்குள் நுழைந்த நிரல், அந்தக் கணினியைப் பயன்படுத்துபவர் எந்தெந்த டிரைவில் எழுத முடியுமோ அத்தனையிலும் எழுதும். செருகியிருக்கும் ஹார்ட் டிஸ்க், நெட்வொர்க்கில் பகிரப்பட்ட ஃபோல்டர், பென் டிரைவ் எல்லாமே அதற்கு ஒன்றுதான். மாற்றுச் சாவியைப் பூட்டிலேயே தொங்கவிட்டுப் போவதைப் போன்ற ஏற்பாட்டுக்குத் தங்கள் கட்டுரை பாதுகாப்பு என்று பெயர் சூட்டியிருக்கிறது.

அந்தக் கட்டுரை ரான்சம்வேரைக் "கோப்புகளை அழிக்கும் வைரஸ்" என்றும் சொல்கிறது. அழித்திருந்தால் மீட்புக் கருவிகளைக் கொண்டு கொஞ்சமாவது தேடிப் பார்க்கலாம். இது அழிப்பதில்லை, பூட்டுகிறது. பொதுவாக ஒவ்வொரு கோப்புக்கும் புதிதாக ஒரு குறியாக்கச் சாவியை உருவாக்கி அதனால் பூட்டும். பிறகு அந்தச் சாவியையும் தாக்கியவரின் பொதுச்சாவியால், அதாவது பூட்ட மட்டுமே உதவும் சாவியால், பூட்டிவிடும். அதைத் திறக்கும் தனிச்சாவி நம் கணினிக்கு வருவதே இல்லை. தாக்கியவரிடம் மட்டுமே இருக்கிறது. அந்தச் சாவிக்குத்தான் பணம் கேட்கிறார்கள். ஆகவே, பூட்டிய பிறகு ஆன்டிவைரஸை ஓட்டினால் நிரல் நீங்குமே தவிர கோப்புகள் திறக்காது. முன்பொரு முறை தங்கள் பத்திரிகை, "தாக்கப்பட்டால் ஆன்டிவைரஸ் ஓட்டிச் சரிசெய்யலாம்" என்று எழுதியது. அப்போதே கடிதம் எழுதினேன். பதில் இல்லை.

பழைய மனக்குறை இன்னொன்றும் இருக்கிறது. "தெரியாத மின்னஞ்சலைத் திறக்காதீர்கள், எதுவும் வராது" என்று தாங்கள் பலமுறை எழுதிவிட்டீர்கள். 2017 மே மாதம் பரவிய வானாக்ரை என்ற ரான்சம்வேர், யாரும் எதையும் சொடுக்காமலேயே விண்டோஸில் இருந்த ஓட்டை வழியாகக் கணினி விட்டுக் கணினி தாவியது. அந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச் மாதமே வந்துவிட்டது, போடாதவர்கள் மாட்டினார்கள். அடுத்த மாதம் ஜூன் 27 அன்று வந்த நாட்பெட்யா, உக்ரைனில் பலரும் பயன்படுத்திய கணக்கு மென்பொருளின் முறையான அப்டேட் வழியாகவே நுழைந்தது. எச்சரிக்கையாக இருந்தவனும் மாட்டினான். தடுப்பு தவறும் நாளுக்காகத்தான் நகல் தேவைப்படுகிறது.

நாட்பெட்யா உண்மையில் ரான்சம்வேர் வேடமிட்ட அழிவு நிரல். பணம் கட்டினாலும் திறக்க வழியில்லை. அதில் சிக்கிய மெர்ஸ்க் கப்பல் நிறுவனத்தின் கதையைத் தாங்கள் ஒருமுறையாவது எழுதியிருக்கலாம். நிறுவனத்தின் பயனர் கணக்குகளையெல்லாம் வைத்திருந்த சர்வர்கள் உலகெங்கும் ஏராளமாக இருந்தன. ஒன்று விழுந்தால் மற்றொன்றிலிருந்து நிரப்பிக்கொள்ளலாம் என்பதே ஏற்பாடு. எல்லாமே இணைப்பில் இருந்ததால் எல்லாமே ஒன்றாக விழுந்தன. தப்பியது ஒன்றே ஒன்று, கானாவில் இருந்த சர்வர். தாக்குதல் நேரத்தில் அங்கே மின்சாரம் போயிருந்ததால் அது இணைப்பில் இல்லை. இணைய வேகம் போதாததால் அதிலிருந்த தரவை ஆள் வழியாக விமானத்தில் நைஜீரியாவுக்கும், அங்கிருந்து இங்கிலாந்துக்கும் கொண்டுபோனார்கள். அத்தனை பெரிய நிறுவனத்தின் மீட்சி ஒரு மின்வெட்டைப் பிடித்துக்கொண்டு தொடங்கியது.

கிளவுடில் இருந்தால் போதும் என்பதும் தங்கள் கட்டுரையில் வருகிறது. கணினியோடு தானாக ஒத்திசையும் கிளவுட் ஃபோல்டர், பூட்டப்பட்ட கோப்பையும் புதிய மாற்றமாகக் கருதி மேலே ஏற்றிவிடும். பழைய பதிப்புகளைச் சில நாட்கள் வைத்திருக்கும் சேவைகள் உண்டு, அவை பலரைக் காப்பாற்றியும் இருக்கின்றன. ஆனால் கணக்கின் கடவுச்சொல் தாக்கியவர் கையில் இருந்தால் அந்தப் பதிப்புகளையும் அவர் அழிக்கலாம். விண்டோஸ் தானே எடுத்து வைக்கும் நிழல் நகல்களும் அப்படித்தான். பூட்டுவதற்கு முன் ரான்சம்வேர் பெரும்பாலும் இந்த ஒரு வரியை இயக்கும்:

```
vssadmin delete shadows /all /quiet
```

நிழல் நகல் அத்தனையும் சத்தமில்லாமல் போய்விடும்.

அந்தக் கணக்கர் அலுவலகத்தைக் காப்பாற்றியது அலமாரியில் கிடந்த பழைய டிஸ்க் ஒன்று. இடம் போதவில்லை என்று யாரோ கழற்றி வைத்தது. அதைக் கண்டதும் ஊழியர் ஒருவர் அவசரமாக அதே கணினியில் செருகப் போனார். கையைப் பிடித்துத் தடுத்தேன். நிரல் உயிரோடு இருக்கும் கணினியில் செருகியிருந்தால் அதுவும் நிமிடங்களில் பூட்டப்பட்டிருக்கும். எல்லாக் கணினிகளையும் நெட்வொர்க்கிலிருந்து கழற்றி, அவற்றில் இருந்த டிஸ்குகளை முழுவதும் துடைத்து, விண்டோஸைப் புதிதாக நிறுவி, கடவுச்சொற்களை மாற்றிய பிறகே அந்தப் பழைய டிஸ்கைச் செருகினோம். அந்த நகலுக்குப் பிந்தைய பல மாதக் கணக்கைக் காகித ரசீதுகளைப் பார்த்து மறுபடி உள்ளிட்டார்கள். அந்த ஊழியர்கள் இரவு வெகுநேரம் உட்கார்ந்து தட்டச்சு செய்ததைப் பார்த்தவனுக்குத் தங்கள் "கவலையில்லை" எப்படி வலித்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

கழற்றி வைத்த நகல் எல்லாவற்றுக்கும் தீர்வு என்று நான் சொல்லவில்லை. இப்போது பல கும்பல்கள் பூட்டுவதற்கு முன் தரவைத் திருடிக்கொண்டு, வெளியிடுவோம் என்றும் மிரட்டுகின்றன. அதற்கு நகல் உதவாது. ஆனால் வேலையைத் தொடரும் வழியாவது அதில் இருக்கிறது.

நான் கேட்பது சிறியது. அதே பக்கத்தில் ஒரு திருத்தம் வெளியிடுங்கள். நகலெடுத்து முடிந்ததும் டிஸ்கைக் கழற்றிவிட வேண்டும் என்று சொல்லுங்கள். இரண்டு டிஸ்குகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்த வேண்டும் என்றும் சொல்லுங்கள். ஒன்று செருகியிருக்கும் நேரத்தில் தாக்குதல் நடந்தாலும் மற்றொன்று தப்பும். அவ்வப்போது வேறொரு கணினியில் சில கோப்புகளைத் திரும்ப எடுத்துத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். திறக்காத நகலை நம்பி ஏமாந்தவர்களும் உண்டு. நான்கைந்து வரிதான் ஆகும். கட்டுரையோடு போட்ட முகமூடிக்காரன் படத்துக்கு ஒதுக்கிய இடத்தில் பாதி போதும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்