சாயம் இறங்கிய சாறிக்கு எப்போது பணம், எப்போது வேறு சாறி, எப்போது இல்லை: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புடையீர்,

வணக்கம். எங்கள் கடைக்கு அதிகம் வரும் முறைப்பாடு ஒன்றுதான்: "ஒருக்காத்தான் கழுவினனான், சாயம் இறங்கிப் போச்சு." இதே வார்த்தைகளோடு வரும் இரண்டு பேரில் ஒருவருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுக்கிறோம், மற்றவருக்கு இல்லை என்கிறோம். இருவரும் ஒரே ஒழுங்கையில் குடியிருப்பவர்களாக இருந்துவிட்டால், "அவை கடைக்காரருக்குத் தெரிஞ்ச ஆக்கள், அதுதான் காசு குடுத்தவை" என்ற கதை அன்று பின்னேரமே வெள்ளவத்தைச் சந்தை வரைக்கும் போய்விடும். தீர்மானம் எப்படி எடுக்கப்படுகிறது என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டால் இந்தச் சந்தேகம் வராது என்றுதான் இதை எழுதுகிறோம்.

நாங்கள் முதலில் கேட்பது, கடையை விட்டுப் போகும்போதே அந்தக் குறை துணிக்குள் இருந்ததா என்பதை. இருந்தது என்றால் அது எங்கள் பொறுப்பு. அடுத்து, அந்தக் குறை கண்ணுக்குத் தெரியக்கூடியதா என்று பார்ப்போம். இழை விட்டிருப்பது, ஓட்டை, எண்ணெய்க் கறை, சரிகை அறுந்திருப்பது போன்றவை கண்ணுக்குத் தெரிபவை. அதற்காகத்தான் பில் போடுவதற்கு முன் ஐந்தரை மீற்றர் சாறியையும் மேசையில் விரித்து, முந்தானையிலிருந்து உள்முனை வரைக்கும் உங்கள் முன்னிலையில் பார்க்கிறோம். அவசரம் என்று சொல்லி அதைத் தடுக்காதீர்கள். விரித்துப் பார்த்து எடுத்துப்போய் ஃபோல் தைத்த பிறகு, "இதிலே ஓட்டை" என்று வந்தால் எங்களால் ஏற்க முடியாது. விலை குறைத்து விற்கும் சாறிகளில் என்ன குறை என்பதைப் பில்லிலேயே எழுதித் தருவோம். அந்தக் குறைக்காக அதைத் திருப்பி எடுக்க மாட்டோம். எழுதாத வேறொரு குறை பிறகு தெரியவந்தால், விலை குறைத்து விற்றோம் என்று தப்பிக்கவும் மாட்டோம்.

சாயம் அப்படிப்பட்டதல்ல. தண்ணீர் படும் வரைக்கும் அது வாய் திறக்காது. நீங்களும் பார்த்திருக்க முடியாது, பல நேரங்களில் நாங்களும் பார்த்திருக்க முடியாது. ஆகையால் இதில்தான் அதிகம் யோசிக்க வேண்டியிருக்கிறது.

பருத்திச் சாறிகளுக்கு இப்போது பெரும்பாலும் இழையோடு இரசாயன முறையில் பிணையும் சாயம் போடுகிறார்கள். போடும் சாயம் முழுவதும் இழையைப் பிடிப்பதில்லை. ஒரு பகுதி தண்ணீரோடு சேர்ந்து செயலிழந்து, துணியின் மேல் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும். சாயப்பட்டறையில் அதைச் சுடுதண்ணீரும் சவர்க்காரமும் விட்டுப் பல தடவை அலசி எடுக்க வேண்டும். தண்ணீரையும் எரிபொருளையும் மிச்சம் பிடிக்கப் பட்டறைக்காரர் அந்த அலசலைக் குறைத்தால், மிச்சச் சாயம் உங்கள் வாளிக்குள்தான் இறங்கும். மெரூன், கருநீலம், கறுப்பு போன்ற கடும் நிறங்களில் இது கூடுதலாக நடப்பதற்குக் காரணம், அவற்றுக்குச் சாயம் அதிகம் போட வேண்டியிருப்பதுதான். பட்டின் கதை வேறு. அதற்குப் பெரும்பாலும் போடுவது அமிலச் சாயம். ஒழுங்காகச் சாயமிட்ட பட்டுக்கூட, சலவைத் தூளின் காரமும் வெந்நீரும் சேர்ந்தால் பிடி தளர்ந்து நிறத்தை விடும்.

இதைக் கடையிலேயே கண்டுபிடிக்க ஒரு வழி வைத்திருக்கிறோம். வெள்ளைப் பருத்தித் துணியை விரலில் சுற்றி, சாறியின் கடும் நிறப் பகுதியில் உலர்வாகப் பத்துத் தடவை தேய்ப்போம். இன்னொரு துண்டைப் பச்சைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, அதே போலப் பத்துத் தடவை தேய்ப்போம். பரிசோதனைக் கூடங்களில் இதற்கென்று ஓர் இயந்திரம் உண்டு, அதுவும் பத்துத் தடவைதான் தேய்க்கும். பிறகு ஓரத்தை நனைத்து இரண்டு வெள்ளைத் துணிகளுக்கு நடுவில் வைத்து, மேலே பாரம் ஏற்றி அரை மணித்தியாலம் விட்டுவிடுவோம். இந்தச் சோதனைக்கு மிக நல்ல இடம் தைக்காத பிளவுஸ் துண்டு. அதே சாயம், ஆனால் தண்ணீர் காணாத துணி. கழுவிய சாறியில் தேய்த்தால், இறங்க வேண்டியது ஏற்கெனவே இறங்கிவிட்டதால் ஒன்றும் தெரியாமல் போகலாம். பிளவுஸ் தைத்தாகிவிட்டது என்றால், எங்களிடம் இருக்கும் அதே லொட்டிலுள்ள வேறொரு சாறியில் தேய்த்துப் பார்ப்போம்.

எப்படித் தீர்மானிக்கிறோம் என்பதை ஓர் உதாரணத்தில் காட்டுகிறோம். மெரூன் உடல், வெண்ணிறக் கரை போட்ட பருத்திச் சாறி, விலை 8,500 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் அம்மா அதைத் தனியாக, பச்சைத் தண்ணீரில், ஊற வைக்காமல் கழுவியிருக்கிறார். கரை முழுவதும் இளஞ்சிவப்பாகிவிட்டது. பில்லில் "கையால் கழுவலாம்" என்று நாங்களே எழுதியிருக்கிறோம். பிளவுஸ் துண்டில் ஈரத் துணியால் தேய்த்தவுடன் துணி சிவக்கிறது. இருப்பில் உள்ள சாறியிலும் அதே போல. இதில் வாதாட ஒன்றுமில்லை, 8,500 ரூபாயும் திருப்பித் தரப்படும்.

"அதே சாறியில் வேற ஒண்டு தாங்கோவன்" என்று அந்த அம்மா கேட்டாலும் தர மாட்டோம். அதே லொட் என்றால் அதே பட்டறை, அதே அரைகுறை அலசல். ஒரு மாதத்தில் அவர் திரும்பவும் எங்கள் வாசலில் நிற்பார். குறை அந்த ஒரு சாறியோடு நின்றிருந்தால் மட்டுமே அதே வகையில் மாற்றித் தருவோம். லொட் முழுவதும் பிழை என்றால் பணம், அல்லது அவர் விரும்பினால் வேறு லொட்டில் வேறு சாறி. விலை வித்தியாசத்தை இரு பக்கமும் கணக்குப் பார்த்துத் தீர்த்துக்கொள்ளலாம். மிச்சமிருக்கும் சாறிகளை அன்றே தட்டிலிருந்து எடுத்து, சோதித்த துணித் துண்டோடு மொத்த வியாபாரிக்குத் திருப்பி அனுப்புவோம்.

இப்போது அடுத்தவரைப் பாருங்கள். கருநீலப் பட்டு, மஞ்சள் கரை. லேபிளிலும் பில்லிலும் "ட்ரை கிளீன் மட்டும்" என்று இருக்கிறது. வீட்டில் சலவைத் தூளில் ஊற வைத்திருக்கிறார்கள், கரை பச்சையடித்துவிட்டது. பிளவுஸ் துண்டைப் பச்சைத் தண்ணீரில் தேய்த்தால் வெள்ளைத் துணி வெள்ளையாகவே இருக்கிறது. சலவைத் தூள் கரைத்த இளஞ்சூட்டுத் தண்ணீரில் தேய்த்தால் நீலம் ஏறுகிறது. சாயத்தில் பிழை இல்லை, கழுவிய முறையில்தான் பிழை. இதற்குப் பணமும் இல்லை, மாற்றும் இல்லை.

ஆனால் அதே பட்டுச் சாறியில் லேபிள் இல்லாமல், பில்லிலும் ஒன்றும் எழுதாமல் நாங்கள் விற்றிருந்தால் முடிவு மாறிவிடும். எப்படிக் கழுவ வேண்டும் என்று சொல்லாமல் விற்றது எங்கள் தவறு, ஆகவே பணம் தருவோம். எங்கள் விற்பனையாளர் வாயால் "கழுவலாம், ஒண்டும் செய்யாது" என்று சொல்லியிருந்தாலும் அப்படித்தான். இதற்காகவே இப்போது ஒவ்வொரு பில்லிலும் கழுவும் முறையைக் கையால் எழுதுகிறோம். எழுத மறந்தால் கேட்டு வாங்குங்கள், அது உங்களுக்குத்தான் சாட்சி.

சாயம் போனதுபோலத் தெரிந்தாலும் சாயக் குறை அல்லாத சில உண்டு. ஒரு பொட்டு மட்டும் வெளிறி, பக்கத்துத் துணியில் நிறம் ஏறாமல் இருந்தால் அது வெளுப்புத் திரவம் பட்ட இடம். கமக்கட்டிலும் இடுப்பிலும் மட்டும் நிறம் மாறியிருந்தால் வியர்வை அல்லது சென்ட். மடிப்பு வரி வரியாகக் கறை விழுந்திருந்தால் ஈரத்தோடு மடித்து வைத்திருக்கிறார்கள். இந்த மூன்றாவதில் மட்டும் அவசரப்பட மாட்டோம். நல்ல சாயம் என்றால் ஈரத்தில் மடித்தாலும் அவ்வளவு இறங்கக்கூடாது, ஆதலால் தேய்த்துப் பார்த்த பிறகுதான் பேசுவோம்.

பிளவுஸ் துண்டும் இல்லை, அந்த லொட்டும் விற்று முடிந்துவிட்டது, சோதிக்க வழியில்லை என்றால் என்ன செய்வது? எப்படிக் கழுவினீர்கள் என்று கேட்போம். நீங்கள் சொல்வதும் துணியில் தெரிவதும் ஒத்துப்போனால் உங்கள் சொல்லை ஏற்று வேறு சாறி தருவோம். சந்தேகத்தின் பாரத்தைக் கடை சுமக்கலாம், ஒரு குடும்பத்தின் தீபாவளிச் செலவு சுமக்கக்கூடாது என்பது எங்கள் எண்ணம். சத்தம் போட்டால் பணம் கிடைக்கும் என்று நினைத்து வருபவர்களும் உண்டு. சத்தத்துக்கு என்று எங்கள் முறைப்பாட்டுக் கொப்பியில் தனியாக ஒரு கோடு போட்டு வைக்கவில்லை. திகதி, பில் இலக்கம், லொட், சோதனைத் துண்டு, முடிவு, இவ்வளவுதான் அதில் இருக்கும். அடுத்தவர் வரும்போது அந்தக் கொப்பியைப் பார்த்துத்தான் பதில் சொல்வோம். அவர் முதலாளியின் மைத்துனராக இருந்தாலும் அதுதான். இல்லை என்று அனுப்பிய ஒரு லொட்டில் பிறகு குறை நிரூபணமானால், முன்பு வந்தவரை நாங்களே தொலைபேசியில் கூப்பிடுவோம்.

பிளவுஸ் தைத்தாகிவிட்டது என்பதற்காகப் பணத்தில் கழிக்க மாட்டோம். ஃபோல் தைத்த கூலிக்கும் துண்டு இருந்தால் கொண்டுவாருங்கள், துணியின் குறைக்கு அதையும் சேர்த்துத் தருவோம். கார்ட்டில் வாங்கியதற்குக் காசாகத் தர முடியாது, அதே கார்ட்டுக்குத்தான் திரும்பும், வங்கி அதற்குச் சில நாட்கள் எடுக்கும். பில் தொலைந்திருந்தால் வங்கியின் எஸ்.எம்.எஸ். போதும். நிறம் பிடிக்கவில்லை, வீட்டில் விருப்பமில்லை என்பவை துணியின் குறையல்ல. தைக்காமல், கழுவாமல் ஏழு நாட்களுக்குள் கொண்டுவந்தால் வேறு சாறி எடுக்கலாம், பணமாகக் கேட்காதீர்கள்.

இல்லை என்று சொல்லும்போது காரணத்தை எழுதி, தேய்த்த வெள்ளைத் துண்டையும் அதில் குத்தித் தருவோம். அதை எங்கே வேண்டுமானாலும் காட்டுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, வாங்கிய நாளிலிருந்து மூன்று மாதங்களுக்குள் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடலாம். விசாரித்து, பணத்தைத் திருப்பிக் கொடுக்கவோ, பொருளை மாற்றிக் கொடுக்கவோ, நட்டஈடு செலுத்தவோ கடைக்கு உத்தரவிட அவர்களுக்கு அதிகாரம் உண்டு. அவர்களுடைய தொலைபேசி இலக்கம் 1977. அங்கே போனவர் மீது எங்களுக்குக் கோபம் வராது, எங்கள் கொப்பியையும் அங்கே கொண்டுவருவோம்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறோம். சாயம் இறங்குவதைக் கண்டதும் வெயிலில் காயப் போடாதீர்கள், அயன் பிடிக்காதீர்கள், கறை போகட்டும் என்று வெளுப்புத் திரவம் விடாதீர்கள். காய்ந்து சூடு பட்டால் கறை இறுகிவிடும், வெளுப்புத் திரவம் பட்டால் யாருடைய பிழை என்று எங்களாலும் சொல்ல முடியாது. பச்சைத் தண்ணீரில் ஒருமுறை அலசி, மடிக்காமல் நிழலில் தொங்கவிட்டு, மறுநாளே பில்லோடும் பிளவுஸ் துண்டோடும் வாருங்கள். காலையில் வந்தால் அரை மணித்தியாலச் சோதனையை நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே முடித்துவிடலாம்.

இப்படிக்கு,
கடை நிர்வாகத்தினர்
காலி வீதி, வெள்ளவத்தை, கொழும்பு 06