31ஆம் நாள் செலவுக் கணக்கு

கல்லடி
ஐப்பசி மாதம்

அன்புள்ள மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. மகள் பிறந்த செய்தியைப் படித்ததும் என் அம்மாவுக்குத்தான் முதலில் வாசித்துக் காட்டினேன். இரண்டாவது தரமும் வாசிக்கச் சொன்னா. முழங்கால் நோவு கொஞ்சம் குறைந்திருக்கிறது, இப்போது முற்றம் வரை நடக்கிறா. தங்கச்சியும் குழந்தையும் களுவாஞ்சிக்குடிக்கு வந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டு, போன கிழமை மனைவியும் நானும் போய்ப் பார்த்தோம். பிள்ளை அப்படியே உன் அம்மாவின் சாயல்.

31ஆம் நாள் துடக்குக் கழித்துப் பெயர் வைக்கும் செலவை ஒன்றரை இலட்சத்துக்குள் முடிக்கலாமா என்று கேட்டிருந்தாய். நீ நினைக்கிற மாதிரிச் செய்தால் முடியாது மச்சான். நகை இல்லாமலே இரண்டு இலட்சத்தைத் தாண்டும். எங்கே தாண்டுகிறது என்று தெரிந்தால் எங்கே பிடிக்கலாம் என்பதும் தெரியும். அக்காவின் பேத்திக்கு ஆரையம்பதியில் செய்தபோது சாமான் வாங்கியதும் கொப்பியில் எழுதியதும் நான்தான். அந்தக் கொப்பியை வைத்து, இப்போதைய விலையையும் கடைகளில் கேட்டு உனக்கு எழுதுகிறேன்.

முதலில் ஆள் கணக்கு. உன் மாமி, தங்கச்சியின் தாய், 200 பேர் என்று சொன்னா, நீ 100 என்று எழுதியிருக்கிறாய். இரண்டுமே குத்துமதிப்பு. நான் மாமியோடு உட்கார்ந்து வீடு வீடாகப் பெயர் எழுதினேன். தங்கச்சி பக்கம் 18 வீடு, உன் பக்கம் அக்கரைப்பற்றிலிருந்து 14 வீடு, அயலவர் 10 வீடு, உங்கள் நண்பர்களும் வேலை இடத்தவர்களும் 6 வீடு. மொத்தம் 48 வீடு. எல்லாரும் குடும்பத்தோடு வந்தால் 190 பேர் வரும். ஆனால் 31ஆம் நாள் வியாழக்கிழமை விழுகிறது. வேலைக்குப் போகிறவர்கள் மத்தியானம் வரமாட்டார்கள், பின்னேரம் தொட்டிலைப் பார்க்கத்தான் வருவார்கள். ஒவ்வொரு பெயருக்கும் நேரே மத்தியானம், பின்னேரம் என்று குறித்தபோது மத்தியானச் சாப்பாட்டுக்கு 110, பின்னேரத் தேநீருக்கு 60 என்று வந்தது. சமையலுக்கு உதவுகிறவர்கள், பந்தல் போடுகிறவர்கள், வான் சாரதி இவர்களை ஆரும் பட்டியலில் எழுதுவதில்லை, ஆனால் அவர்களும் சாப்பிடத்தானே வேண்டும். ஆகவே 120 பேருக்குச் சமைக்க வேண்டும்.

இதிலே ஒரு விசயம் கவனி. பள்ளிக்கூடம் ஒன்றரைக்கு விடும். அதுக்குப் பிறகுதான் பிள்ளைகள் பசியோடு வருவார்கள், அதுதான் கடைசிப் பந்தி. அக்கா வீட்டில் அந்த நேரம் கிடாரத்தில் சோறு நிறைய இருந்தது, பருப்பும் வடையும் பாயாசமும் முடிந்துவிட்டன. முதல் பந்திக்காரருக்கு அள்ளி அள்ளிப் போட்டதுதான் காரணம். சமையல் முடிந்தவுடனேயே கடைசிப் பந்திக்கு என்று இந்த மூன்றிலும் நாலில் ஒரு பங்கை வேறு சட்டியில் எடுத்து அறைக்குள் வைத்து மூடச் சொல். பாயாசம் நேரம் போகப் போக இறுகும், கொஞ்சம் தேங்காய்ப்பாலும் கூடவே எடுத்து வைத்தால் பரிமாறும்போது இளக்கிக்கொள்ளலாம்.

அரிசி, ஒரு கிலோவில் எட்டுப் பேர் வயிறாரச் சாப்பிடலாம். 15 கிலோ போதும். நல்ல பழைய நாட்டரிசி என்று கேட்டு வாங்கு, சோறு காணும், குழையாது. பருப்பு நாலரைக் கிலோ, தேங்காய் 35. மரக்கறிதான் பயமான சாமான். கார்த்திகை மாரியில் பாதை வெள்ளம் என்றால் மலைநாட்டு மரக்கறி விலை ஒரே நாளில் ஏறிவிடும். கரட், போஞ்சியை நம்பாமல் பூசணி, வாழைக்காய், கத்தரிக்காய் என்று இங்கே கிடைக்கிறதை வைத்துக் கறிகளைத் தீர்மானித்தால் அந்தப் பயம் இல்லை. தயிரைக் குறைக்காதே, மட்டக்களப்பு வீட்டில் எருமைத் தயிர் இல்லாத பந்தியைச் சனம் வருசக்கணக்காக மறக்காது. எட்டு முட்டி சொன்னால் போதும். வாழையிலை, அப்பளம், எண்ணெய், தூள், பாயாசச் சாமான் எல்லாம் சேர்த்து 120 பேருக்கு 46,000 ரூபாய் வருகிறது. ஆளுக்கு ஏறக்குறைய 380.

இதற்கு மேலே சமையல்காரருக்கும் அவருடைய இரண்டு உதவியாட்களுக்கும் 15,000, விறகுக்கு 4,000, கிடாரம், தாச்சி, வாளி வாடகை 6,000. இந்த 25,000 ஐம்பது பேர் வந்தாலும் நூற்றைம்பது பேர் வந்தாலும் மாறாது. வீட்டில் சமைப்பதா, வெளியில் சொல்லி எடுப்பதா என்று தங்கச்சி கேட்ட கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. வெளியே மரக்கறிச் சாப்பாடு ஒன்று 700 ரூபாய் சொல்கிறார்கள். எண்பது பேருக்குக் கிட்ட இரண்டு செலவும் ஒன்றாக வரும். அதற்குக் குறைந்தால் வெளியே சொல்லுவதுதான் இலாபம், வீட்டில் அடுப்பு மூட்டுவது வீண். 120 பேர் என்றால் வீட்டுச் சமையல் 71,000, வெளியே 84,000. அதோடு, சொல்லாமல் பத்துப் பேர் கூட வந்தால் வீட்டில் 3,800தான் கூடும், வெளியே 7,000 கூடும். நம்முடைய பக்கத்தில் சொல்லாமல் வருகிறவர்கள் இல்லாத விசேசம் எங்கே இருக்கிறது? அதனால் நான் வீட்டுச் சமையல் என்றே சொல்வேன்.

பின்னேரத் தேநீர், ரோல்ஸ், கேக் 7,500. பந்தல், கதிரை, மேசைக்கு 22,000 வைத்திருக்கிறேன். உனக்கு இது அதிகமாகத் தெரியலாம், ஆனால் துணிப்பந்தல் 10,000 குறைவு என்று ஆரும் சொன்னால் கேளாதே. கார்த்திகை மழைக்குத் தகரப் பந்தல்தான் வேண்டும், அடுப்படிக்கு மேலேயும் சேர்த்துப் போட வேண்டும். ஐயருக்குத் தட்சணையும் புண்ணியதானச் சாமானும் 12,000. அக்கரைப்பற்றிலிருந்து வான் 14,000.

அப்புறம் உடுப்பு. ஒன்றரை இலட்சம் உடைவது இங்கேதான் மச்சான். சாறி விலையை மட்டும் எழுதுகிறோம், சட்டைத் துணி, தையல் கூலி, ஓரம் அடிக்கிற காசு என்று ஒவ்வொரு சாறிக்கும் மேலே 2,000 வருவதை எழுதுவதில்லை. தங்கச்சிக்குச் சட்டை தைக்கப் பழைய சட்டையைத் தையல்காரியிடம் கொடுத்து விடாதே. பிள்ளை பெற்ற உடம்பு, பால் கொடுக்கிற காலம், அளவு மாறியிருக்கும். இருபதாம் நாளுக்குப் பிறகு புதிதாக அளவு எடுத்து, முன்பக்கம் கொக்கி வைத்துத் தைக்கச் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அன்றைக்குப் பிள்ளை அழும் ஒவ்வொரு முறையும் அவ சாறி மாற்ற வேண்டி வரும். குழந்தைக்கு மினுமினுப்பு நைலோன் சட்டை வேண்டாம், மழைக்காலப் புழுக்கத்தில் மேல் சிவந்துபோகும். பருத்தியில் இரண்டு, அதுவும் மூன்று மாத அளவில் எடுத்தால் பிறகும் போடலாம்.

உன் அம்மாவுக்கும் மாமிக்கும் மருதமுனைக் கைத்தறிச் சாறி எடுக்கலாம் என்று என் மனைவி சொல்கிறா. உடுத்தவும் சுகம், விலையும் கைக்கு அடங்கும். இரண்டு பேருக்கும் ஒரே விலையில், ஒரே தரத்தில் எடு. ஆயிரம் ரூபாய் வித்தியாசம் கூடச் சாறியை விரித்தவுடனே பெண்களுக்குத் தெரிந்துவிடும். உனக்கும் இரண்டு தாத்தாமாருக்கும் வேட்டி, தாயையும் பிள்ளையையும் குளிப்பாட்டுகிற அம்மாவுக்கு ஒரு சாறி. இவ்வளவோடு நின்றால் 49,000. மாமி தன் இரண்டு தங்கச்சிமாருக்கும் எடுக்க வேண்டும் என்கிறா. எடுத்தால் உன் பக்கத்துப் பெரியம்மாவுக்கும் மாமிமாருக்கும் எடுக்காமல் இருக்க முடியாது, ஐந்து சாறி, நாற்பதாயிரம் போய்விடும். இரண்டு பக்கமும் பேத்தியின் அம்மம்மா, அப்பம்மா வரைக்கும்தான் என்று இப்போதே முடிவாகச் சொல்லிவிடு. நீ சொல்வதை விடத் தங்கச்சி தன் தாயிடம் சொன்னால் மனத்தாங்கல் வராது.

கடைசியாக, வந்தவர்கள் கையில் கொடுத்துவிடும் பை. சின்ன எவர்சில்வர் கிண்ணம் ஒன்று, அதற்குள் இரண்டு முறுக்கு, இரண்டு பயத்தம் உருண்டை, ஒரு அரியதரம் என்று பார்த்தால் பையோடு 450 ரூபாய். இதை ஆளுக்கு ஒன்று என்று நீ கணக்குப் போட்டிருக்கிறாய், நீ சொன்ன நூறு பேருக்கே 45,000 வரும். வீட்டுக்கு ஒன்று போதும். 48 வீட்டுக்கு 60 பையாக வைத்தால் 27,000. மாரி ஈரலிப்புக்கு முறுக்கு ஒரு இரவில் நமத்துப்போகும். அதைத் தனியாக மொத்தமான பொலித்தீனில் காற்றுப் போகாமல் ஒட்டிப் பையில் போடுங்கள். பயத்தம் உருண்டையோடு சேர்த்து வைத்தால் அந்த ஈரமும் முறுக்குக்குத்தான் போகும். பைகளை வாசலில் அடுக்காமல், பொறுப்பான ஒருவரிடம் பட்டியலோடு கொடுத்து வீட்டுப் பெயரைக் குறித்துக் குறித்துக் கொடுக்கச் சொல். அப்போதுதான் பின்னேரம் வருகிறவர்களுக்கும் மிச்சம் இருக்கும்.

எல்லாம் கூட்டினால் 202,500. பத்தில் ஒரு பங்கு கைச்செலவுக்கு வைத்து இரண்டே கால் இலட்சம் என்று எடுத்துக்கொள். என்வலப்பில் வரும் காசை இதில் கழித்துப் பார்க்காதே. அது அவர்கள் வீட்டு விசேசத்துக்கு நாம் திருப்பிச் செய்ய வேண்டியது, பெயரும் தொகையும் கொப்பியில் எழுதி வைக்க வேண்டியது. பஞ்சாயுதமும் காப்பும் தாய்மாமனும் உன் அம்மாவும் போடுவதாகப் பேச்சு. பவுண் மூன்று இலட்சத்தைத் தாண்டிய இந்தக் காலத்தில் இன்ன கிராம் என்று ஆரிடமும் கேட்காதே, போடுவதை வாங்கிக்கொள்.

இன்னும் குறைக்க வேண்டும் என்றால் ஒரே வழி, அயலவரையும் நண்பர்களையும் பின்னேரத் தேநீருக்கு மட்டும் சொல்லுவது. மத்தியானம் எண்பது பேராகிவிடும், சாப்பாட்டில் 15,000 குறையும். சாறியிலும் தயிரிலும் கைவைக்காமல் அவ்வளவுதான் முடியும். அயலவருக்கு இதைச் சொல்ல மாமிக்கு மனம் வருமா என்பது வேறு கதை.

சமையல்காரருக்கு ஞாயிற்றுக்கிழமைக்குள் முற்பணம் கொடுத்தால்தான் அந்த வியாழனை எங்களுக்கு ஒதுக்குவார். 5,000 கேட்கிறார், நானே கொடுத்துவிடுகிறேன். நீ வந்து தா. உன் பக்கத்து 14 வீட்டில் ஆர் ஆர் மத்தியானம் வருவார்கள் என்று உன் அம்மாவிடம் கேட்டு எழுது. பெயர் என்ன யோசித்திருக்கிறீர்கள் என்றும் எழுது, என் அம்மா ஒவ்வொரு நாளும் கேட்கிறா.

அன்புடன்,
உன் மச்சான்