இரண்டு நிமிடப் பேச்சு: முதலில் சம்பவத்தைப் பிடி

அன்புள்ள கயலுக்கு,

டோஸ்ட்மாஸ்டர்ஸ் பேச்சுப் பயிற்சிச் சங்கக் கூட்டத்தில், அங்கேயே கொடுக்கும் தலைப்பில் தயாரிப்பில்லாமல் பேசுகிற டேபிள் டாபிக்ஸுக்குக் கூப்பிட்டார்கள், நாற்பது விநாடியிலேயே பேச்சு நின்றுவிட்டது என்று சொன்னாய். நம் சங்கத்தில் நான் பல வருடமாக நேரம் பார்க்கிறேன், அதனால் இது எங்கே நிற்கும் என்று எனக்குத் தெரியும். பேசுகிறவர் முதலில் ஒரு கருத்தைத் தேடுவார். அது கிடைத்ததும் சொல்லிவிடுவார். அதற்குப் பிறகு சொல்ல எதுவும் இருக்காது.

நீ மூன்று பகுதியாகப் பேசு: பதில், சம்பவம், திரும்புதல். பேசுவது இந்த வரிசையில்தான். ஆனால் மனதில் தேடும்போது சம்பவத்தை முதலில் பிடி. தலைப்பைக் கேட்டதும் கருத்து சட்டென்று வராது, ஆனால் ஏதாவது ஒரு முகமோ இடமோ வந்துவிடும். அதிலிருந்து பதிலை எடு. வழக்கமாகத் தலைப்பைச் சொன்ன பிறகுதான் பெயரைக் கூப்பிடுவார்கள். அந்த இடைவெளியும் மேடைக்கு நடக்கிற நேரமும் இதற்குப் போதும்.

போன மாதம் எங்கள் கூட்டத்தில் 'குடை' என்று ஒற்றைச் சொல்லைத் தலைப்பாகக் கொடுத்தார்கள். கேள்வியாக இருந்தால் பதில் எந்தப் பக்கம் என்றாவது தெரியும், ஒற்றைச் சொல்லில் அதுவும் இல்லை. அதற்கு நீ எப்படிப் பேசலாம் என்று எழுதுகிறேன். நீ பிளஸ் டூ படிக்கும்போது தாம்பரம் பஸ் ஸ்டாப்பில், சார்ட் பேப்பரைச் சுருட்டி வைத்துக்கொண்டு மழைக்கு ஒதுங்கி நின்ற ஒரு பெண்ணிடம் உன் குடையைக் கொடுத்துவிட்டு வந்தாயே, அதுதான் சம்பவம். அதிலிருந்து பதில்: "குடையை நான் இரவல் கொடுக்கும் பொருளாகத்தான் பார்க்கிறேன். திரும்பி வராவிட்டாலும் பெரிய நஷ்டம் இல்லை." இதற்குப் பதினைந்து விநாடி ஆகும். தலைப்புச் சொல் முதல் வாக்கியத்திலேயே வந்துவிட்டது, கவனித்தாயா?

அடுத்து சம்பவம். இதற்கு ஒரு நிமிடத்துக்கு மேல் கொடு. நவம்பர் மாத மாலை, தாம்பரம், சார்ட் பேப்பர் என்று கண்ணுக்குத் தெரிகிற மூன்று விஷயங்களைச் சொன்னாலே கேட்பவர் அங்கே வந்துவிடுவார். அந்தப் பெண் கேட்டதை அவள் வாயாலேயே சொல்: "குடையை எங்க திருப்பிக் கொடுக்கணும்?" நீ டீக்கடையைக் காட்டினாய். சில நாள் கழித்து டீக்கடைக்காரர் உன்னைக் கூப்பிட்டுக் குடையைக் கையில் கொடுத்தார். அவ்வளவுதான் கதை. ஊரும் ஆளும் இல்லாமல் "நாம் எல்லோருமே வாழ்க்கையில்" என்று உன் வாயில் வந்தால், சம்பவத்தை விட்டுவிட்டாய் என்று தெரிந்துகொள்.

பேசுகிறவருக்கு நேரம் காட்டும் விளக்குகளை இதோடு சேர்த்துப் பார். ஒரு நிமிடத்தில் பச்சை, ஒன்றரையில் மஞ்சள், இரண்டில் சிவப்பு. பச்சை வரும்போது நீ டீக்கடைக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். மஞ்சள் வந்ததும் கதை எங்கே இருந்தாலும் ஒரு வாக்கியத்தில் முடித்துவிட்டுத் திரும்பு. போட்டியில் ஒரு நிமிடத்துக்குக் குறைந்தாலும், இரண்டு நிமிடம் முப்பது விநாடியைத் தாண்டினாலும் தகுதி போய்விடும். அந்த முப்பது விநாடியை நம்பித் திட்டம் போடாதே.

திரும்புதல் என்றால் முதல் வாக்கியத்தை அப்படியே ஒப்பிப்பது இல்லை. கதைக்குப் பிறகு அது ஓர் அடியாவது நகர்ந்திருக்க வேண்டும். "இப்போது என் பையில் இரண்டு குடை இருக்கிறது. ஒன்று எனக்கு, ஒன்று இரவலுக்கு." இதோடு நிறுத்து. பலரும் கெடுத்துக்கொள்வது இங்கேதான். கைதட்டல் வருவதற்குள் இன்னொரு சம்பவம் ஞாபகம் வரும், "அதே மாதிரி" என்று தொடங்குவார்கள், சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருக்கும். "அதே மாதிரி" என்ற சொல் நாக்கில் வந்தால் வாயை மூடிக்கொள்.

எல்லாத் தலைப்புக்கும் சம்பவம் கிடைக்காது. செவ்வாய்க் கிரகத்தில் குடியேறுவதைப் பற்றிக் கேட்டால் நம்மிடம் என்ன கதை இருக்கும்? அப்போது அன்று, இன்று, நாளை என்று பிரித்துக்கொள். சின்ன வயதில் வானத்தைப் பற்றி என்ன நினைத்தாய், இப்போது என்ன தெரியும், அழைத்தால் போவாயா. இது பேச்சை ஓடவைக்கும், ஆனால் சம்பவம் அளவுக்கு மனதில் நிற்காது. அதனால் இதை இரண்டாவது வழியாக மட்டும் வைத்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது அப்பா ஒரு தலைப்பு சொல்வார். நான் கடிகாரம் பார்த்து "மஞ்சள்" என்று குரல் கொடுக்கிறேன். நீ எங்கே இருக்கிறாய் என்று பார்ப்போம்.

அன்புடன்,
அம்மா