பிள்ளையின் காதுக்கு ஒரு வாழ்த்து

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற இதழின் மழலைகள் பக்கத்தில் வந்த பிறந்தநாள் வாழ்த்துகளைப் படித்தேன். படங்கள் எல்லாம் கொள்ளை அழகு. வாழ்த்துகள்தான் ஒரே அச்சு. ‘பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்க’ என்று தொடங்கி, தாத்தா, ஆச்சி, பெரியப்பா, சித்தி என்று பெயர் வரிசையில் முடிந்துவிடுகின்றன. ஒரு வயதுப் பிள்ளைக்குப் பதினாறு செல்வத்துக்கு இப்போது என்ன அவசரம்? ஒரு பலூன் போதும்.

உறவுக்காரர்கள் எப்படியோ எழுதிக்கொள்ளட்டும். என் கவலை நண்பர்கள் அனுப்பும் வாழ்த்தைப் பற்றியது. சிநேகிதியின் பிள்ளைக்குப் பிறந்தநாள் என்றால் அவளுடைய போனுக்குத்தான் அனுப்புகிறோம். அவள் படித்துவிட்டு இரண்டு கைகளைக் கூப்பி வைக்கிறாள். பிள்ளைக்கு ஒன்றும் போய்ச் சேரவில்லை. அதற்குப் படிக்கத் தெரியாது. யாராவது மடியில் வைத்துப் படித்துக் காட்ட வேண்டும். அதனால் அம்மாவின் வாய்க்கும் பிள்ளையின் காதுக்குமாகச் சேர்த்து எழுத வேண்டியிருக்கிறது.

இதற்கு நம்மிடம் பழைய வழி ஒன்று உண்டு. பிள்ளைத்தமிழ் பாடும் புலவர் தம்மைத் தாயாக வைத்துக்கொண்டுதான் பாடுவார். அதில் வரும் பத்துப் பருவங்களில் ஒன்று அம்புலி. பிள்ளையோடு விளையாட வரச் சொல்லி நிலாவை அழைப்பது. சும்மா அழைப்பதில்லை, சாமம், பேதம், தானம், தண்டம் என்று நாலு விதமாக அழைப்பார்கள். முதலில் ‘நீயும் இவனும் ஒன்றுதானே’ என்று நயமாகப் பேசுவது. அப்புறம் ‘இவனுக்கு நீ ஈடாவாயா?’ என்று மட்டம் தட்டுவது. அதற்கும் வராவிட்டால், வந்தால் இன்னது கிடைக்கும் என்று ஆசை காட்டுவது. கடைசியில் மிரட்டல். பிள்ளைத்தமிழ் தனி இலக்கியமாக வளர்வதற்கு முன்பே பெரியாழ்வார் யசோதையாக இருந்து கண்ணனுக்காக நிலாவை இப்படி அழைத்திருக்கிறார். கோபம் வந்தால் இவன் எம்பிப் பாய்ந்து உன்னைப் பிடித்துவிடுவான் என்று மிரட்டவும் செய்கிறார்.

மிரட்டல் முழுக்க நிலாவுக்குத்தான், கவனியுங்கள். ‘சாப்பிடாவிட்டால் பூச்சாண்டி வருவான்’ என்று பிள்ளையை மிரட்டியே பழகிய நமக்கு இது நல்ல மாற்று. பிள்ளையைப் பெரிய ஆளாக்கி, வானத்தில் இருப்பதை நடுங்க வைப்பது. மூன்று வயதுக்கு இதைவிட ருசியான சங்கதி கிடையாது.

இந்த நாலையும் வைத்து, என் சிநேகிதியின் மகளுக்கு மூன்றாம் பிறந்தநாளன்று ஒரு வாழ்த்து எழுதி அனுப்பினேன். பெயரை யாழினி என்று மாற்றியிருக்கிறேன். அவளைப் பற்றி எனக்குத் தெரிந்தவை இரண்டே: சிவப்புச் செருப்பை யாரையும் தொட விடமாட்டாள், வாளியில் தண்ணீரைக் கண்டால் டம்ளரோடு உட்கார்ந்துவிடுவாள்.

வட்ட நிலாவே, வா வா வா!
வாசல் திறந்திருக்கு, வா வா வா!
நீயும் உருண்டை, யாழினி கன்னமும் உருண்டை,
நேரில் பார்க்கணுமா? வா வா வா!

நீயோ தேயுறே, தேஞ்சே போறே!
யாழினி வளர்றா, வளர்ந்தே போறா!
போன வருசம் ரெண்டு வயசு.
இப்போ எத்தனை? எத்தனை? எத்தனை?

பாயசம் இருக்கு, பருப்பு வடை இருக்கு,
பலூன் ஒண்ணு உனக்கும் இருக்கு.
சிவப்புச் செருப்பைத் தொட்டுப் பார்க்கலாம்,
ஒரே ஒரு தடவை! ஒரே ஒரு விரலால்!

வரமாட்டியா? வரமாட்டியா?
யாழினி வருவா, டம் டம் டம்!
வாளித் தண்ணியில் உன்னைப் பிடிச்சு
டம்ளரில் மொண்டு, மடக் மடக் மடக்!

இதைப் பெரிய கவிதை என்று சொல்லவில்லை. சில விஷயங்களைத் தெரிந்தே செய்தேன். பிள்ளை சேர்ந்து சொல்ல வேண்டிய இடங்களில் வா, டம், மடக் மாதிரி சத்தங்களை வைத்தேன். ப, ம, வ, ட எல்லாம் அந்த வயது வாயில் சுலபமாக வந்துவிடும். ர, ற, ழ வர நாளாகும். தன் பெயரையே அவள் ‘யாயினி’ என்றுதான் சொல்வாள். அதனால் பெயர் சொல்லும் வேலையை அம்மாவுக்கு விட்டுவிட்டேன். ‘எத்தனை?’ என்ற இடத்தில் படிப்பவர் நிறுத்த வேண்டும். அந்த இடத்தில் மூன்று விரல் நீட்டுவது பிள்ளையின் பங்கு. ‘வா வா வா’வுக்குக் கை தட்டலாம். அதுவும் பிள்ளைத்தமிழில் உள்ளதுதான், சப்பாணிப் பருவம்.

நீளமும் முக்கியம். பிள்ளைக்குப் பிடித்துவிட்டால் ‘இன்னொரு தடவை’ என்று கேட்கும். படிப்பவர் அலுவலகத்திலிருந்து களைத்து வந்த அப்பாவாக இருக்கலாம். ஒரு நிமிடத்துக்குள் முடிந்தால்தான் மறுபடி படிப்பார். வரி ஒரே மூச்சில் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். நடுநடுவே படங்களைச் செருகினால் படிப்பவர் தடுக்கி நின்றுவிடுவார். கேக் படத்தை எப்படி வாய்விட்டுப் படிப்பது? ‘டம் டம் டம்’ என்றால் மூன்று முறையும் எழுதிவிடுங்கள். குரல் பதிவாக அனுப்பலாமே என்று சிலர் கேட்கலாம். அதில் நம் குரல் வரும். மிரட்டும்போது உருளும் அம்மாவின் கண் வருமா?

நிலாவை அழைப்பதென்றால் நாள்காட்டியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். படித்து முடித்ததும் பிள்ளை நேராக மொட்டைமாடிக்கு இழுத்துக்கொண்டு போகும். மூன்றாம் பிறையிலிருந்து பௌர்ணமி வரை மாலையில் நிலா தெரியும். பௌர்ணமிக்குப் பிறகு அது நாளுக்கு நாள் சுமார் 50 நிமிடம் தாமதமாக எழும். தேய்பிறை அஷ்டமி வாக்கில் எழவே நடுராத்திரி ஆகிவிடும். அமாவாசையன்று பிறந்தநாள் வந்தால் நிலாவை விட்டுவிட்டுத் தெருமுனை ஆட்டோவையோ ஜன்னலில் வரும் காக்காவையோ அழையுங்கள். நாலு முறையும் அதற்கும் பொருந்தும். காக்காவிடம் ‘உனக்குக் கறுப்புச் சட்டை ஒன்றுதான், இவளுக்கு இன்றைக்குப் பட்டுப்பாவாடை’ என்று மட்டம் தட்டலாமே.

ஒரு எச்சரிக்கை. கேலி நிலாவோடும் காக்காவோடும் நிற்கட்டும். பிள்ளையின் நிறம், எடை, படுக்கையை நனைப்பது இதெல்லாம் பெரியவர்களைச் சிரிக்க வைக்கும்; தன்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்பது மூன்று வயதுக்கு நன்றாகவே புரியும். அதேபோல வீட்டில் தம்பியோ அக்காவோ இருந்தால் அவர்கள் பெயரும் ஒரு வரியில் வரட்டும், இல்லையென்றால் கேக் வெட்டுவதற்குள் சண்டை.

உங்களிடம் கேட்பது இதுதான். மழலைகள் பக்கத்தில் படத்துக்குக் கீழே பெயர் வரிசைக்குக் கொடுக்கும் இடத்தில், வாரம் ஒரு பிள்ளைக்காவது வாய்விட்டுப் படிக்கும்படி நாலு வரி போடுங்கள். அனுப்புபவர்களிடம் பிள்ளைக்குப் பிடித்த பொருள் ஒன்றையும், வீட்டில் கூப்பிடும் பெயரையும் கேட்டு வாங்குங்கள். எழுத ஆள் இல்லையென்றால் எனக்கு ஒரு தபால் அட்டை போடுங்கள், வளர்பிறையாக இருந்தால் இன்னும் சௌகரியம்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
பாளையங்கோட்டை