மருந்தாளுநர்களுக்கு: ரிஸ்பெரிடோனைத் தூக்க மாத்திரை என்று சொல்லாதீர்கள்

மதிப்பிற்குரிய மருந்தாளுநர்களுக்கு,

வணக்கம். நான் ஒரு மனநல மருத்துவர். நாங்கள் எழுதித் தரும் சீட்டு உங்கள் கைக்கு வந்து, மாத்திரை நோயாளியின் வீட்டாரிடம் போய்ச் சேரும் அந்த ஒரு நிமிடத்தில் நீங்கள் சொல்லும் சொல்லுக்கு, நாங்கள் அரை மணி நேரம் விளக்கியதைவிடப் பல நேரங்களில் எடை அதிகம். அதனால்தான் இம்மடலை உங்களுக்கு எழுதுகிறேன்.

நாங்கள் அடிக்கடி பார்க்கும் ஒரு போக்கை ஓர் இளைஞரின் கதையாகச் சொல்கிறேன். வயது 24. பக்கத்து வீட்டார் தன்னை வேவு பார்ப்பதாகவும், தன்னைப் பற்றிப் பேசும் குரல்கள் கேட்பதாகவும் சொல்கிறார். பல நாட்களாகச் சரியான உறக்கமில்லை. அவருக்கு இரவில் ரிஸ்பெரிடோன் 2 மி.கி., அதோடு முதல் இரண்டு வாரங்களுக்கு மட்டும் குளோனசெபாம் 0.5 மி.கி. எழுதப்படுகிறது. கடையில் ஒருவர், நல்லெண்ணத்தோடுதான், "ரெண்டுமே தூக்க மாத்திரைதான். இதுல ஒண்ணு பவர் ஜாஸ்தி, ரொம்ப நாள் போட்டா மூளை மந்தமாயிடும், பழகியும் போயிடும்" என்கிறார். வீட்டில் அன்றிரவே முடிவெடுக்கிறார்கள். பவர் அதிகமென்று கருதிய ரிஸ்பெரிடோனைச் சில நாட்களில் நிறுத்திவிட்டு, 'லேசான' குளோனசெபாமை மட்டும் தொடர்கிறார்கள். பழக்கத்தை உண்டாக்கக்கூடிய மருந்து தங்குகிறது. உண்டாக்காத மருந்து வெளியேறுகிறது.

இவ்விரண்டும் மூளையில் வேலை செய்யும் விதமே வேறு. குளோனசெபாம், டையசெபாம், அல்பிரசோலம் போன்றவை காபா என்னும் அடக்கும் வேதிப்பொருளின் வேலையை மூளை முழுவதும் தீவிரப்படுத்துகின்றன. அதனால் ஒரு மணி நேரத்திற்குள் பதற்றம் தணிகிறது, உடல் தளர்கிறது, சிலருக்கு இதமான மயக்கமும் கிடைக்கிறது. அந்த இதத்துக்காகவே இவற்றைப் போதைக்காகத் தேடுவோர் இருக்கிறார்கள். நாளாக நாளாக அதே அளவு போதாமல் போகிறது. நெடுநாள் எடுத்துவிட்டுச் சட்டென நிறுத்தினால் நடுக்கமும் தூக்கமின்மையும், சிலருக்கு வலிப்பும்கூட வருகின்றன.

ரிஸ்பெரிடோன் போன்ற ஆன்டிசைக்காட்டிக் மருந்துகள் டோபமினின் டி2 ஏற்பிகளை அடைக்கின்றன. டோபமின் செய்யும் பணிகளில் ஒன்று, நம்மைச் சுற்றி நடப்பவற்றில் எது முக்கியம் என்று குறியிடுவது. மனப்பிறழ்வில் இந்தக் குறியீடு தாறுமாறாகி, தெருவில் யாரோ இருமுவதுகூடத் தனக்கான சமிக்ஞையாகப் படுகிறது. மருந்து அந்த மிகையைக் குறைக்கிறது. ஆகவே நோயாளி சில வாரங்களில் சொல்வது பெரும்பாலும், "குரல் இன்னும் கேட்கிறது, ஆனால் முன்போல் அதைப் பொருட்படுத்தத் தோன்றவில்லை" என்பதாக இருக்கும். இது மயக்கத்தில் இருப்பவரின் பேச்சன்று. இம்மருந்துகள் இன்பத்தைத் தருவதுமில்லை. நோயில்லாதவர் எடுத்தால் பெரும்பாலும் உற்சாகமின்மையும் அசௌகரியமுமே மிஞ்சும். குவெட்டியபினைத் தூக்கத்துக்காகத் தவறாகப் பயன்படுத்துவோர் உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அங்கே தூங்கவைப்பது டோபமின் அடைப்பன்று, ஹிஸ்டமின் அடைப்பு.

இந்த வேறுபாடு மிகவும் முக்கியம். ஓலான்சபின், குவெட்டியபின், க்ளோசபின் ஆகியவை தூக்கத்தை வரவழைப்பதற்கு ஹிஸ்டமின் ஏற்பியை அடைப்பது பெரிய காரணம். அது பக்கவிளைவு, பலரிடம் சில வாரங்களில் குறைந்தும் விடுகிறது. அரிபிப்ரசோல், அமிசல்பிரைடு ஆகியவை பெரிதாகத் தூங்கவைப்பதில்லை, ஆனாலும் மனப்பிறழ்வைக் கட்டுப்படுத்துகின்றன. தூக்கம்தான் சிகிச்சை என்றால் இது நடந்திருக்காது.

அப்படியானால் 'மூளையை மழுக்கும் மருந்து' என்ற அச்சம் எங்கிருந்து வருகிறது? ஒரு பகுதி, அவசர சிகிச்சை அறையிலிருந்து. கட்டுக்கடங்காமல் கொந்தளிக்கும் ஒருவருக்கு ஹாலோபெரிடாலோடு ப்ரோமெத்தசினோ லோரசெபாமோ ஊசியாகப் போடுகிறோம்; சிறிது நேரத்தில் அவர் உறங்கிவிடுகிறார். அந்த உறக்கத்தில் பெரும் பங்கு கூட வந்த மருந்துக்கு உரியது. குடும்பம் காண்பதோ, 'பைத்தியத்துக்கான ஊசி' ஒரு மனிதனைச் சாய்த்ததை மட்டுமே.

மற்றொரு பகுதிக்கு நியாயம் உண்டு. டோபமின் ஏற்பிகள் ஏறத்தாழ 65 விழுக்காடு அடைபட்டால் பலருக்குப் பலன் தொடங்குகிறது. 80-ஐ நெருங்கும்போது உடல் அசைவுகள் பாதிக்கப்படுகின்றன. முகம் அசைவற்றுப் போகிறது, நடக்கும்போது கைகள் வீசுவதில்லை, எச்சில் ஒழுகுகிறது. பார்ப்பவருக்கு மனம் உறைந்தது போலத் தெரியும். பெரும்பாலும் உறைந்திருப்பது தசைகள்தான். மணிக்கட்டைப் பிடித்து மெல்ல மடக்கிப் பார்த்தால் பற்சக்கரம் நகர்வதைப் போல விட்டுவிட்டு இளகுவது, அளவு கூட்டப்பட்டதிலிருந்து இந்நிலை தொடங்கியது ஆகியவை அதைக் காட்டிக்கொடுக்கும். அளவைக் குறைப்பதோ மருந்தை மாற்றுவதோ இதற்கு வழி; சில வேளை ட்ரைஹெக்ஸிஃபெனிடில் சேர்க்கிறோம். அளவு மிகும்போது உற்சாகமும் உணர்ச்சியும் மங்குவது உண்மையிலேயே நிகழ்கிறது. நோயாளி அப்படிச் சொல்லும்போது அது மருத்துவரிடம் போய்ச் சேர வேண்டிய செய்தி, கடையில் தீர்ப்பாக முடிய வேண்டியதன்று. இதில் ஒரு குழப்பமும் உண்டு: மனச்சிதைவே ஒருவரைப் பேச்சற்றவராகவும் ஆர்வமற்றவராகவும் ஆக்கும். மாத்திரைக்கு முன்பே அவர் அறைக்குள் முடங்கியிருந்தாரா என்று வீட்டாரிடம் கேட்டாலே பாதி விடை கிடைத்துவிடும்.

மீண்டும் அந்த இளைஞருக்கு வருகிறேன். ரிஸ்பெரிடோனை நிறுத்திய முதல் வாரத்தில் அவர் தெளிவாகவே இருந்தார். காலை மந்தம் போய்விட்டது, கைகள் முன்போல் வீசின. வீட்டார் மகிழ்ந்தார்கள். இம்மருந்தின் மிகப் பெரிய ஏமாற்று இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. குளோனசெபாம் போன்றவற்றை நெடுநாள் எடுத்துவிட்டு நிறுத்தினால் தொல்லை சில நாட்களிலேயே தெரியும். ரிஸ்பெரிடோனை நிறுத்தினால் முதலில் இதமாக இருக்கும், நோய் பெரும்பாலும் வாரங்கள் அல்லது மாதங்கள் கழித்தே திரும்பும். அதனால் காரணத்தையும் விளைவையும் யாரும் இணைத்துப் பார்ப்பதில்லை. ஐந்தாம் வாரம் அவருக்குத் தூக்கம் கெட்டது, ஆறாம் வாரம் குரல்கள் திரும்பின. அதற்குள் குளோனசெபாம் ஒன்றரை மாதப் பழக்கமாகியிருந்தது. அதைச் சிறிது சிறிதாகக் குறைக்கத் தனியாக ஒரு திட்டம் தேவைப்பட்டது.

மனச்சிதைவு உள்ளவர்களிடம் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2012-இல் வெளியான ஒரு பகுப்பாய்வில், ஓராண்டு அளவில் மருந்தைத் தொடர்ந்தவர்களில் சுமார் 27 விழுக்காட்டினருக்கும், வெற்று மாத்திரைக்கு மாற்றப்பட்டவர்களில் சுமார் 64 விழுக்காட்டினருக்கும் நோய் திரும்பியது. மருந்து எடுத்தும் நான்கில் ஒருவருக்கு மேல் நோய் திரும்பியதையும் சேர்த்தே இந்த எண்களைப் படிக்க வேண்டும்.

உடல் எடை, சர்க்கரை, மாதவிடாய் மாற்றம், வாய் நாக்கு அசைவுகள் ஆகியவை பற்றி நீங்கள் தாராளமாக எச்சரியுங்கள். அவை உண்மையான தீங்குகள், சில நேரம் நாங்களே கவனிக்கத் தவறுபவை. ரிஸ்பெரிடோனைக் கொடுக்கும்போது, "இது எண்ணங்களைச் சீராக்கும் மருந்து, பலன் முழுதாய்த் தெரியச் சில வாரமாகும், தூக்கம் அதிகமானாலோ உடல் இறுகினாலோ டாக்டரிடம் சொல்லுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்" என்ற அளவு போதும். இரண்டு மாத்திரை எழுதிய சீட்டோடு வந்து ஒருவர் குளோனசெபாம் மட்டும் போதுமென்று கேட்டால், அதைக் கொடுத்தனுப்பும் முன் மற்றதை எப்போது நிறுத்தினார்கள் என்று கேட்டு, சீட்டிலுள்ள எண்ணில் எங்களை அழையுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மனநல மருத்துவர்