எலாஸ்டிக் தளராமல் துவைப்பது பற்றி

சென்னை, மயிலாப்பூர்

அன்புள்ள விஜி,

உன் கடிதம் கிடைத்தது. மடிப்பாக்கம் வீடு காற்றோட்டமாக இருக்கிறது என்று படித்ததும் நிம்மதி. மகளுக்கு டெல்லியில் வேலை கிடைத்தது அதைவிட சந்தோஷம். டிசம்பருக்குள் தெர்மல் உள்ளாடை வாங்கி அனுப்பிவிடு; ஜனவரிக் குளிரில் அங்கே போய்த் தேடிக்கொண்டிருக்க முடியாது.

நான்கே மாதத்தில் மூன்று ப்ராவும் தொளதொளத்துவிட்டது, விலை கொடுத்து வாங்கியும் தரமில்லை என்று எழுதியிருக்கிறாய். துணியைக் குறை சொல்வதற்கு முன்னால் நீ துவைக்கும் விதத்தைப் பார்ப்போம். மதியம் மாடித் தொட்டித் தண்ணீர், சலவைத் தூளில் ஒரு மணி நேர ஊறல், முறுக்கிப் பிழிந்து மொட்டை மாடிக் கொடியில் ஸ்ட்ராப்புக்குக் கிளிப். நீ எழுதியிருக்கும் இந்த வரிசையில் எல்லாமே எலாஸ்டிக்குக்கு எதிரிதான், விஜி.

பட்டைக்குள் இருக்கும் இழுவை நூலுக்கு எலாஸ்டேன் என்று பெயர். அது ஒருவகை பாலியூரிதேன். இழுத்துவிட்டால் திரும்பிச் சுருங்குவது அதன் வேலை. சூடு, வியர்வை, உடம்பின் எண்ணெய்ப் பிசுக்கு, வெயில், குளோரின் ப்ளீச் ஆகிய எல்லாம் அந்த நூலைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துவிடும். அறுந்த எலாஸ்டிக்கை எந்தத் துவையலும் ஒட்டவைக்காது. வெந்நீரில் போட்டால் சுருங்கி இறுகும் என்று உன் பக்கத்து வீட்டு மாமி சொன்னதைக் கேட்காதே. கொஞ்சநஞ்சம் மிச்சமிருப்பதும் போய்விடும்.

தண்ணீர் முதலில். சித்திரை, வைகாசியில் மாடித் தொட்டித் தண்ணீர் மதியத்தில் கை பொறுக்காத சூட்டில் வரும். குழாய்த் தண்ணீர்தானே என்று நாம் அதை வெந்நீராகவே நினைப்பதில்லை. விடியற்காலையில் பிடித்துவை, அல்லது முதல் நாள் இரவே வாளியில் நிரப்பி வை. 30 டிகிரிக்கு மேல் போகக் கூடாது. கை விட்டால் குளுமையாக இருந்தால் சரி.

அரை வாளித் தண்ணீருக்கு ஒரு டீஸ்பூன் லிக்விட் டிடர்ஜென்ட் போதும். தூளில் காரம் அதிகம், நுரையும் எளிதில் போகாது. உங்கள் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் நுரை வரவில்லையே என்று இன்னும் ஒரு கை தூள் போடத் தோன்றும். போடாதே. நுரை குறைந்தாலும் அழுக்கு போகும். கூடுதலாகப் போட்ட தூள்தான் பட்டையில் தங்கித் துணியை மொடமொடப்பாக்கும். ஃபேப்ரிக் கண்டிஷனர் வேண்டவே வேண்டாம். அது நூலின் மேல் வழுவழுப்பாகப் படியும். தெர்மலில் படிந்தால் வியர்வையை உறிஞ்சி வெளியே தள்ளும் குணமே குறைந்துவிடும்.

கொக்கியை மாட்டிவிட்டுப் போடு, இல்லையென்றால் அது பக்கத்துத் துணியின் லேசைக் கிழிக்கும். பத்து, பதினைந்து நிமிடம் ஊறினால் போதும். பிறகு அக்குளுக்குக் கீழே வரும் பக்கப் பட்டை, முதுகுப் பட்டை, இந்த இரண்டு இடத்தை மட்டும் விரல் நுனியால் மெல்லத் தேய். பிசுக்கு அங்கேதான். பிரஷ் போட்டால் மேல்நூல் பிசிறி உள்ளே இருக்கும் எலாஸ்டிக் வெளியே தெரியும். தண்ணீர் தெளிவாகும் வரை அலசு. போர் தண்ணீரானால் மூன்று தடவை. அணிந்த அன்றே துவைத்துவிடு, வியர்வையோடு கூடையில் கிடக்க விடாதே.

மெஷினில்தான் போட வேண்டுமென்றால் வலைப் பையில் போட்டு, டெலிகேட் புரோகிராமில், குளிர்ந்த தண்ணீரில், குறைந்த ஸ்பின்னில் விடு. ஜீன்ஸோடு சேர்க்காதே. கம்பி வைத்ததும் கப் அச்சில் வார்த்ததும் கைத்துவையல்தான். வளைந்த கம்பி நேராகாது, மடிந்த கப் நிமிராது.

இனி காயப்போடுவது. பாதிக் கெடுதல் இங்கேதான் நடக்கிறது. துண்டை விரித்து, ப்ராவை அதன்மேல் பரப்பி, பாய் சுருட்டுவதுபோலச் சுருட்டி, உள்ளங்கையால் அழுத்து. ஈரம் துண்டுக்குப் போய்விடும், முறுக்க வேண்டியதே இல்லை. கப்பை ஒன்றுக்குள் ஒன்று மடிக்காமல் கையால் நிமிர்த்திவிடு.

ஸ்ட்ராப்பில் தொங்கவிட்டால் கப்பில் இருக்கும் தண்ணீரின் கனம் முழுக்க அந்த மெல்லிய எலாஸ்டிக்கை இழுத்துக்கொண்டே இருக்கும், மணிக்கணக்கில். அதனால்தான் உன்னுடையதில் ஸ்ட்ராப் முதலில் தளர்ந்தது. இரண்டு கப்பையும் சேர்க்கும் நடுப் பகுதியைக் கொடியில் போட்டு இரு பக்கமும் கப் தொங்கும்படி விடு. அங்கே பொதுவாக எலாஸ்டிக் இருக்காது, கனத்தைத் தாங்கும். வெயில் படாத பால்கனியில், ஸ்டாண்டில் பரப்பினால் இன்னும் நல்லது. ஐப்பசி, கார்த்திகையில் காயாது என்று அயர்ன் பாக்ஸ் எடுக்காதே. ஃபேனுக்குக் கீழே ஸ்டாண்டை வை, நிதானமாகக் காயட்டும்.

தெர்மலுக்கும் இதே துவையல், ஆனால் கனம் அதிகம். பருத்தி கலந்த தெர்மல் தண்ணீரை நன்றாகக் குடிக்கும். காய்ந்தபோது கால் கிலோ இருப்பது சொட்டச் சொட்ட அரை கிலோவைத் தாண்டிவிடும். ஹேங்கரில் மாட்டினால் தோள் கூம்பி, கீழ் விளிம்பு நீண்டுவிடும். பேன்ட்டின் கணுக்கால் விளிம்பைக் கிளிப் போட்டால் அது நெளிநெளியாகிவிடும். துண்டில் சுருட்டி அழுத்தியபின் ஸ்டாண்டின் இரண்டு, மூன்று கம்பிகளின் மேல் படுக்கையாக விரி. மூன்று மணி நேரம் கழித்துத் திருப்பிப் போடு. லேபிளில் கம்பளி, மெரினோ என்று இருந்தால் கம்பளிக்கான லிக்விடைத்தான் போட வேண்டும். சாதா டிடர்ஜென்ட்டின் என்சைம் கம்பளியைத் தின்றுவிடும். கசக்கவும் கூடாது, கம்பளி திரண்டு சுருங்கும். மார்ச்சில் மகள் எடுத்துவைக்கும்போது துவைத்து நன்றாகக் காயவைத்து, மடித்து வைக்கச் சொல்.

கடைசியாக ஒன்று. மூன்றையும் தூக்கிப்போடாதே. துவைத்துக் காயவைத்து ஒரு நாள் சும்மா விடு. உடம்பில் நாள் முழுக்க இழுபட்ட எலாஸ்டிக் ஓரளவு தானே திரும்பும். அதனால்தான் ஒரே ப்ராவை அடுத்தடுத்த நாள் போடாமல் மாற்றிப் போடச் சொல்வது. பிறகு முதுகுப் பட்டையில் சரியாக 10 செ.மீ. இடைவெளியில் இரண்டு இடத்தில் நூலால் குறி வை. 15 செ.மீ. வரை இழுத்து விடு. மறுபடி 10-க்கு வந்தால் பட்டை நன்றாக இருக்கிறது, அடுத்த உள் கொக்கியில் மாட்டிக்கொண்டால் போதும். 11-லேயே நின்றால், இழுக்கும்போது மொறுமொறுவென்று கேட்டால், விளிம்பில் வெள்ளை முடிபோல நூல் நீட்டிக்கொண்டிருந்தால், அது முடிந்த கதை. புதிதாக வாங்கும்போது கடைசி வெளிக் கொக்கியில் கச்சிதமாக இருப்பதாகப் பார், தளரத் தளர உள்ளே போகலாம்.

அந்தக் கறுப்பு ப்ராவை முதலில் அளந்து பாரு டி. எவ்வளவு வந்தது என்று எழுது.

அன்புடன்,
கோமதி